கடைக்குப் பின்னால் ஓடும் மில்: எந்தச் சட்டம், எந்தப் பதிவு?

"வணக்கம் ஐயா. கோண்டாவிலில் அப்பா விட்டுப்போன பலசரக்குக் கடையை இப்போது நான்தான் நடத்துகிறேன். கடைக்குப் பின் அறையில் மிளகாய், மல்லி, அரிசி அரைக்கிற மில் ஒன்றும் ஓடுகிறது. ஐந்து குதிரைவலு மோட்டர். கடையில் இரண்டு பேர், மில்லில் ஒரு அண்ணை, தூளைப் பொதி கட்டுவதற்கு 17 வயதுப் பிள்ளை ஒருத்தி. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்திருக்கிறேன். தொழில் அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டுமா? நாலு பேர் வேலை செய்கிற கடைக்கும் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதா? எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை."
வாசகி, கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சி,

கடையையும் மில்லையும் பிரிக்கிற அந்தப் பின் கதவில் இருந்து தொடங்குவோம். கதவுக்கு முன்பக்கம், தராசும் மேசையும் இருக்கிற இடம், 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வருகிறது. வேலை நேரம், லீவு, சம்பளம், உட்கார இடம், காற்றோட்டம், கழிப்பறை எல்லாம் அந்தச் சட்டம் பேசும். கதவைத் திறந்து பின் அறைக்குள் கால் வைத்தால் வேறு சட்டம். அது 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம்.

"தொழிற்சாலை" என்ற சொல்லைக் கேட்டதும் புகைபோக்கியும் நூறு பேர் நிற்கிற வரிசையும் மனதில் வரும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இலாபத்துக்காக நடக்கிற ஓர் இடத்தில், ஒரு பொருளைச் செய்வதற்கோ, மாற்றுவதற்கோ, திருத்துவதற்கோ, விற்பனைக்கு ஏற்றதாக்குவதற்கோ கைவேலைக்கு ஆள் வைத்திருந்தால் அது தொழிற்சாலைதான். செத்தல் மிளகாய் தூளாகி வெளியே வருகிறது, அதற்கு ஓர் அண்ணை சம்பளத்துக்கு நிற்கிறார். அவ்வளவு போதும். பத்துப் பேருக்கு மேல் இருந்தால்தான் தொழிற்சாலை என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். இணையத்தில் தமிழில் தேடினாலும் அந்தக் கணக்குத்தான் முதலில் வரும். அது 1948 ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் கணக்கு. எங்கள் கட்டளைச்சட்டத்தில் அப்படித் தலைக்கணக்கு இல்லை. இந்த ஒரு குழப்பத்தாலேயே பதியாமல் இருக்கிற மில்களை யாழ்ப்பாணத்தில் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அதே சட்டம் உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்கிறது. தொழிற்சாலை வளவுக்குள் இருந்தாலும், அங்கே நடக்கும் வேலையோடு சம்பந்தமில்லாமல் முழுக்க வேறு தேவைக்கே பயன்படும் இடம் தொழிற்சாலையாகக் கணிக்கப்படாது. ஆகவே கடைப் பகுதி கடையாகவே இருக்கும். ஆனால் மில் அறைக்கும் கடைக்கும் நடுவே சுவரும் கதவும் உண்மையாகவே இருக்க வேண்டும். அறைக்குள்ளேயே சீனி மூட்டையை அடுக்கி, கடைப் பொடியனை நாளுக்குப் பத்துத் தடவை மெசினைக் கடந்து போகவிட்டால் அந்தப் பிரிவுக்கு அர்த்தமில்லை. மூட்டைகளை முன்னுக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

பதிவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் மெசினைப் பார்க்க வேண்டும். பதிவுக்கு வருகிற பொறியியலாளர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

மோட்டரில் ஒரு கப்பி, மில்லில் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி பெல்ட். இப்படியான மோட்டர் பெரும்பாலும் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1,440 சுற்று ஓடும். மோட்டர்க் கப்பியின் விட்டம் நாலு அங்குலம் என்று வைத்தால், பெல்ட் ஒரு செக்கனில் ஏழரை மீற்றருக்கு மேல் ஓடுகிறது. துணி மாட்டியது தெரிந்து ஒருவர் கையை இழுக்கக் கால் செக்கன் எடுத்தாலும், அதற்குள் கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் பெல்ட் கப்பிக்குள் போயிருக்கும். கவனமாக நில் என்று சொல்லி இந்த விபத்தைத் தடுக்க முடியாததற்குக் காரணம் இதுதான். கவனம் வந்து சேரும்போது கை உள்ளே இருக்கும். பெல்ட் கப்பிக்குள் நுழைகிற அந்த இடுக்குத்தான் இழுக்கிற வாய். விரல், சாரத்தின் தொங்கல், சோலின் நுனி, அவிழ்ந்த தலைமயிர், எது அகப்பட்டாலும் இழுக்கும்.

வடமராட்சியில் ஒரு மில். பெயர் வேண்டாம். நான் போனபோது பெல்ட்டுக்கு நல்ல வலைக்கூடு செய்திருந்தார்கள், பச்சை வர்ணம்கூட அடித்திருந்தது. ஆனால் கூடு சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் பெல்ட் மாற்றியபோது கழற்றியது, நாலு ஆணியைத் திரும்பப் பூட்ட நேரம் வரவில்லை. அங்கு நின்றவர் கீழே சிந்திய மிளகாயை அள்ளக் குனிந்திருக்கிறார். சாரத்தின் நுனி மாட்டி, அதை விடுவிக்கப் போன வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. கூடு இருந்தது, அதன் இடத்தில் இருக்கவில்லை. அந்தப் பச்சைக் கூடு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே உங்கள் கூட்டை ஓர் ஒட்டுவேலைக்காரரிடம் இப்படிச் சொல்லிச் செய்வியுங்கள். இரண்டு கப்பிகளும் பெல்ட்டும் முழுதாக உள்ளே அடங்க வேண்டும். ஆள் நிற்கிற பக்கம் மட்டும் மறைத்தால் போதாது. சுவர்ப் பக்கமும் அடிப்பக்கமும் மூட வேண்டும், கூட்டிப் பெருக்குகிறவர் அந்தப் பக்கத்தால்தான் கையை விடுவார். வலையின் கண் 12 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. வலை பெல்ட்டிலிருந்து நாலு அங்குலமாவது தள்ளி இருக்கட்டும், அப்போது கண்ணுக்குள் விரல் போனாலும் பெல்ட்டைத் தொடாது. ஸ்பானர் இல்லாமல் கழற்ற முடியாதபடி போல்ட் போட்டுப் பூட்டுங்கள். கொக்கியில் மாட்டுகிற கூடு வேண்டாம். ஒரு கிழமையில் அது சுவரோரம் போய்விடும்.

மெசினுக்கு மேலே மிளகாய் கொட்டுகிற புனலையும் பாருங்கள். மேலிருந்து கையை விட்டால் அரைக்கிற தட்டை விரல் எட்டுமா? மெசினை நிறுத்தி, மெயின் சுவிச்சையும் இறக்கிவிட்டு, ஓர் ஈர்க்கை விட்டு ஆழத்தை அளந்து பாருங்கள். ஒரு முழக் கைக்கு எட்டுமென்றால் புனலின் கழுத்தை உயர்த்த வேண்டும், அல்லது உள்ளே குறுக்குக் கம்பி ஒட்ட வேண்டும். ஈரம் காயாத மிளகாய் புனலில் பாலம்போல் அடைத்துக்கொண்டு நிற்கும், அதைக் கையால் குத்தி விடுவது எங்கள் மில்களில் பழகிப்போன பழக்கம். பக்கத்தில் ஒரு மரத்தடி கட்டித் தொங்கட்டும். அதுவும் அரைதட்டை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது சுவிச். இதைப் பலர் யோசிப்பதில்லை. மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. அண்ணை புனலுக்குள் அடைத்ததை எடுக்கக் கையை விடுகிறார். சுவிச் போட்டபடியே இருக்கிறது. கரண்ட் திரும்ப வருகிறது. வெறும் கைப்பிடிச் சுவிச்சோடு இணைத்த மோட்டர் என்றால் அந்த நொடியே தானாகச் சுற்றத் தொடங்கும். இதைத் தடுக்கத்தான் பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனதும் அதற்குள் இருக்கிற தொடர்பு விடுபட்டுவிடும். திரும்ப வந்தாலும் ஒருவர் பச்சைப் பொத்தானை அமத்தினால்தான் மோட்டர் ஓடும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். மெசினை வெறுமையாக ஓடவிட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெயின் சுவிச்சை இறக்குங்கள். சுற்று முழுதாக நிற்கும்வரை பொறுங்கள். நிறுத்தின பிறகும் தட்டு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று அப்போதே எண்ணிக்கொள்ளுங்கள், அந்த எண்ணிக்கையை அண்ணையிடமும் சொல்லுங்கள். பிறகு மெயினை ஏற்றுங்கள். மோட்டர் தானாக ஓடினால் அன்றைக்கே ஒரு மின் வேலைக்காரரைக் கூப்பிட்டு ஸ்டார்ட்டர் போடுங்கள். சிவப்புப் பொத்தான் மெசினில் நிற்கிறவரின் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும், அறையின் மற்றப் பக்கத்துச் சுவரில் இருந்து பயனில்லை. மெசினைக் கழற்றிக் கழுவும்போதும் பெல்ட் மாற்றும்போதும் மெயின் சுவிச்சை இறக்கி ஓர் ஆமைப்பூட்டைப் போட்டு, திறப்பை வேலை செய்கிறவரே தன் மடியில் வைத்திருக்கட்டும்.

தூசி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விரல் போவது ஒருநாளில் தெரியும், நெஞ்சு கெடுவது வருடக்கணக்கில்தான் தெரியும். தானிய மாவை நாள்தோறும் மூச்சோடு இழுக்கிறவர்களுக்கு ஆஸ்துமா வருவது வெதுப்பகத் தொழிலாளர்களிடம் நெடுங்காலமாக அறியப்பட்ட விஷயம். அரிசி மாவோடு மிளகாயும் சேர்ந்தால் தொண்டையும் கண்ணும் படும் பாட்டைக் கேட்கவே வேண்டாம். ஒரு அடையாளம் சொல்கிறேன். வேலை நாட்களில் பின்னேரம் இருமலும் நெஞ்சிறுக்கமும் வந்து, லீவு நாட்களில் குறைந்தால், அது தடிமன் இல்லை. வைத்தியரிடம் போகும்போது மில் வேலை என்று சொல்லச் சொல்லுங்கள்.

தூசி எங்கே கிளம்புகிறதோ அங்கேயே பிடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். மெசின் தூளோடு காற்றையும் தள்ளுகிறது, அந்தக் காற்று வெளியேற வழி தேடும். வாயில் கட்டியிருக்கிற துணிக் குழாய் குட்டையாகவும் நைந்தும் இருந்தால் தூள் அறைக்குள் பறக்கும். தடித்த பருத்தித் துணியில் நீளமாகத் தைத்து, இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினால் துணியூடாகக் காற்று மட்டும் போகும், தூள் வாளிக்குள் நிற்கும். காற்றை வெளியே இழுக்கிற விசிறி தூள் விழுகிற வாய்க்குப் பின்னால், தாழ இருக்கட்டும். கூரையோடு மேலே வைத்தால் தூசி அண்ணையின் மூக்கைத் தாண்டித்தான் வெளியே போகும். அதை அயல் வீட்டு வேலிப்பக்கம் திருப்பி வைக்காதீர்கள். அரைக்கும் ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் தேவை. அதை உங்கள் பிரதேச சபையில் கேளுங்கள், அயலவரின் முறைப்பாடு முதலில் போவதும் அங்கேதான். முகக்கவசம் கட்டாயம் வேண்டும். ஆனால் தூசி அடங்காத அறையில் முகக்கவசம் மட்டும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது.

இனிப் பதிவு. வியாபாரப் பெயர்ப் பதிவு, கடையின் பெயருக்கு உரிமையாளர் யார் என்று சொல்கிற பத்திரம். வேலை செய்கிறவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தொழில் திணைக்களத்தில் உங்களுக்கு இரண்டு பதிவுகள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம்.

ஒன்று, மில்லைத் தொழிற்சாலையாகப் பதிவது. இதற்குப் பொறுப்பானவர் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர். யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் கேட்டால் எங்கள் மாவட்டத்துக்கு உரிய அலுவலகத்தைக் காட்டி விண்ணப்பப் படிவமும் தருவார்கள். திணைக்களத்தின் labourdept.gov.lk தளத்தையும் பாருங்கள். போகும்போது வியாபாரப் பெயர்ப் பதிவுப் பத்திரத்தின் பிரதி, அறையின் அளவோடு கூடிய வரைபடம், மோட்டரின் தகட்டில் இருக்கிற குதிரைவலுவும் சுற்றும், என்ன அரைக்கிறீர்கள், ஆண் பெண் எத்தனை பேர் என்ற விபரம், இவ்வளவும் எழுதிக்கொண்டு போனால் இரண்டாம் தடவை அலைய வேண்டியிருக்காது. வரைபடத்தில் கதவுகள், யன்னல்கள், மெசின் நிற்கிற இடம், மெயின் சுவிச் இருக்கிற இடம் எல்லாம் குறித்திருக்கட்டும். இனிமேல் அறையைப் பெருப்பிக்கவோ புதிதாகக் கட்டவோ நினைத்தால், கல் வைப்பதற்கு முன்னமே வரைபடத்தை அந்தப் பொறியியலாளரிடம் காட்டி அனுமதி எடுக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு யன்னலுக்காகச் சுவரை உடைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பதியாமல் இத்தனை வருடம் ஓட்டிவிட்டோமே, இப்போது போனால் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. தானாக வந்து படிவம் கேட்கிறவரை அலுவலகம் பார்க்கிற விதம் வேறு, விபத்துக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படுகிறவரைப் பார்க்கிற விதம் வேறு. கூட்டையும் ஸ்டார்ட்டரையும் போட்டுவிட்டுப் போங்கள்.

மற்றது ஊழியர் சேமலாப நிதி, எல்லாரும் ஈ.பி.எவ் என்று சொல்வது. ஓர் ஆளை வேலைக்கு வைத்தாலே இது பொருந்தும். நாட்சம்பளம், தற்காலிகம் என்ற பேச்சு இதில் செல்லாது. தொழில் அலுவலகத்தில் டி படிவம் நிரப்பிக் கொடுத்தால் உங்களுக்குத் தொழில்தருநர் இலக்கம் ஒன்று கிடைக்கும். கணக்கு இப்படி: அண்ணைக்கு மாதம் 40,000 ரூபா என்றால், அவரின் சம்பளத்திலிருந்து 8 வீதம் 3,200 ரூபா. நீங்கள் போடுவது 12 வீதம் 4,800 ரூபா. இரண்டும் சேர்ந்து 8,000 ரூபாவை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். இதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 1,200 ரூபா. அது முழுக்க உங்கள் கையிலிருந்து, சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. ஆக அண்ணைக்காக நீங்கள் மேலதிகமாகப் போடுவது 6,000 ரூபா. இதை வைத்து உங்கள் அரைப்புக் கூலியைத் திரும்பக் கணக்குப் பாருங்கள்.

பொதி கட்டுகிற பிள்ளையைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, வயதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 2021 இலிருந்து வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 16. ஆகவே 17 வயதில் வேலைக்கு வருவது குற்றமில்லை. ஆனால் 18 ஆகும்வரை ஆபத்தான வேலைகள் எதற்கும் விடக்கூடாது. அவளின் மேசையைக் கடைப் பக்கம் போடுங்கள். தூள் ஆறி, தூசி அடங்கிய பிறகு வாளி அவளிடம் போகட்டும். அண்ணை சாப்பிடப் போகிற நேரத்தில், கொஞ்சம் பார்த்துக்கொள் பிள்ளை என்று மெசினை ஒப்படைப்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்த ஒரு மணித்தியாலம் மெசின் நிற்கட்டும். வாடிக்கையாளர் காத்திருப்பார்.

விபத்து நடந்துவிட்டால், ஒருவர் இறந்தாலோ, வழக்கமான வேலையை மூன்று நாளுக்கு மேல் செய்ய முடியாமற் போனாலோ, அந்தப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டியது உங்கள் கடமை. விரலில் தையல் போட்டு ஒரு கிழமை வீட்டில் இருந்தாலும் அது இந்தக் கணக்கில் வரும். மெசினைக் கழுவித் துடைத்து ஒழுங்காக்குவதற்கு முன் இருந்தபடியே படம் எடுத்து வையுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின்படி தொழில்தருநரின் பொறுப்பு. ஆசுப்பத்திரிச் செலவை நான் பார்த்தேன், கணக்குத் தீர்ந்தது என்று கைச்சாத்து வாங்கி வைப்பதால் அந்தப் பொறுப்புத் தீர்ந்துவிடாது. இதற்கென்று காப்புறுதி எடுக்கலாம். நாலு பேருக்கு எவ்வளவு வரும் என்று ஒரு காப்புறுதி நிறுவனத்தில் விசாரியுங்கள்.

தொழிற்சாலைக்கு ஒரு பொதுப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். படிவம் கேட்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை ஒரு கொப்பியில் கூடு போட்ட நாள், ஸ்டார்ட்டர் மாற்றிய நாள், யார் வந்து செய்தார், எவ்வளவு செலவு என்று எழுதுங்கள். முதலாவது வரியாக, மெயினை இறக்கியபிறகு மெசின் நிற்க எடுத்த செக்கன்களை எழுதுங்கள். பெல்ட்டை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் கூட்டைத் திரும்பப் பூட்டியபின் அண்ணையும் நீங்களும் அதில் கையெழுத்து வையுங்கள்.